ஒரே ஆளிடம் நாலு தடவை கேட்ட கதை: என் சார்ட்டை வெறுமையாக்கிய அனுபவம்

நாணயச் சந்தைச் சார்ட் படிக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் என் திரையில் விலையைக் காட்டும் மெழுகுவர்த்திகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலையின் மேல் நான்கு மூவிங் ஆவரேஜ், ஒரு பொலிங்கர் பேண்ட். கீழே எம்ஏசிடி, ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், வில்லியம்ஸ் பர்சன்ட் ஆர் என நான்கு அடுக்கு. யூரோ/டாலரின் ஒரு மணி நேரச் சார்ட்டில் விலைக்கென்று மிஞ்சியது பாதித் திரைகூட இல்லை.

ஒருநாள் ஒரு வாங்கும் வாய்ப்பு வந்தது. ஆவரேஜ்கள் ஏறுமுகம். எம்ஏசிடியும் ஏறுமுகம். ஆனால் ஸ்டோகாஸ்டிக் 80-க்கு மேல், பர்சன்ட் ஆர் −20-க்கு மேல், ஆர்எஸ்ஐ 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 'இரண்டு வாங்கு என்கிறது, மூன்று வேண்டாம் என்கிறது' என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டெமோ கணக்குதான், ஆனாலும் கை நகரவில்லை. வாய்ப்பு போன பிறகுதான் உறைத்தது: நான் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரே ஆள் போட்ட கள்ள ஓட்டை.

அது எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். கடைசி 14 பார்களில் உச்சம் 1.0920, அடி 1.0820, இப்போதைய முடிவு விலை 1.0890 என்று வையுங்கள். நான்காம் தசம இடத்தில் ஒன்று நகர்ந்தால் ஒரு பிப், ஆகவே மொத்த அகலம் 100 பிப். முடிவு விலை அடியிலிருந்து 70 பிப் மேலே இருக்கிறது. ஆகவே ஸ்டோகாஸ்டிக்கின் கே கோடு 70. வில்லியம்ஸ் பர்சன்ட் ஆர் அதே முடிவு விலையை உச்சத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கிறது: 30 பிப், மைனஸ் குறியோடு −30. எந்தப் பாரில் பார்த்தாலும் இதேதான்:

```
%R = %K - 100
```

நம்பிக்கை வரவில்லை என்றால், நான் சார்ட் பார்க்கும் மெட்டாடிரேடர் மென்பொருளில் ஸ்டோகாஸ்டிக்கின் K-ஐ 14 என்றும் Slowing-ஐ 1 என்றும் மாற்றி, பர்சன்ட் ஆரையும் 14-இல் வைத்துப் பாருங்கள். கே கோடும் அதுவும் அச்சு அசலாக ஒரே வளைவு, அளவுகோல் மட்டும் வேறு. வழக்கமான 5, 3, 3 அமைப்பில் சற்று விலகித் தெரிவதால்தான் இரண்டு தனித்தனிச் சாட்சிகள் என்று நான் ஏமாந்தேன்.

எம்ஏசிடி கதையும் அதுதான். அது 12 பார் இஎம்ஏ என்ற மூவிங் ஆவரேஜிலிருந்து 26 பார் இஎம்ஏவைக் கழித்த எண். நான் விலையின் மேல் போட்டிருந்த நான்கில் இரண்டு அதே 12-உம் 26-உம். அவை ஒன்றையொன்று வெட்டும் பாரில்தான் எம்ஏசிடி பூஜ்ஜியத்தைத் தாண்டும். வேறு எப்போதும் தாண்டாது. 'இரண்டும் உறுதி செய்துவிட்டன' என்று நோட்டில் எழுதி வைத்த பக்கங்களை இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது.

ஆகவே எந்த இண்டிகேட்டர் சிறந்தது என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, எனக்கு என்னென்ன கேள்விகள் இருக்கின்றன என்று எழுதினேன். மூன்றுதான் வந்தன. விலை எந்தப் பக்கம் போகிறது? போகிற வேகம் கூடுகிறதா, குறைகிறதா? ஸ்டாப் லாஸை எவ்வளவு தூரத்தில் வைப்பது? கேள்விக்கு ஒன்றாக 50 இஎம்ஏ, 14 ஆர்எஸ்ஐ, 14 ஏடிஆர். இவைதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஆர்எஸ்ஐ இடத்தில் ஸ்டோகாஸ்டிக் இருந்தாலும் சரிதான், இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது, அவ்வளவே.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஏடிஆரை. அது வாங்கு, விற்றுவிடு என்று எதுவும் சொல்லாததால் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு மணி நேரச் சார்ட்டில் அது 0.0012 என்று காட்டினால், ஒரு பார் சராசரியாக 12 பிப் ஆடுகிறது என்று பொருள். அங்கே 8 பிப்பில் ஸ்டாப் வைத்தால் சாதாரண ஆட்டத்திலேயே அடிபட்டுவிடும். நான் ஒன்றரை மடங்கு, அதாவது 18 பிப் வைக்கிறேன். இது என் வழக்கம், விதி அல்ல.

அடுத்தது டெம்ப்ளேட். சார்ட்டில் Ctrl+G அழுத்திக் கட்டங்களை எடுத்தேன். F8-இல் பின்னணியையும் மெழுகுவர்த்தி நிறங்களையும் மாற்றினேன். மூன்று இண்டிகேட்டரையும் போட்டு, வலது கிளிக்கில் Templates, Save Template போய் `default.tpl` என்ற பெயரில் சேமித்தேன். இந்தப் பெயர்தான் முக்கியம். இதன் பிறகு எந்தப் புதுச் சார்ட்டைத் திறந்தாலும் இதே கோலத்தில்தான் திறக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் சார்ட்டுகள் தாமாக மாறாது. ஒவ்வொன்றிலும் அந்த டெம்ப்ளேட்டை நாமே போட வேண்டும்.

இதில் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சேமிக்கும்போது யூரோ/டாலரில் நான் வரைந்திருந்த கோடுகள் அப்படியே இருந்தன. டெம்ப்ளேட் இண்டிகேட்டரை மட்டுமல்ல, வரைந்த கோடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அடுத்து பவுண்டு/டாலரைத் திறந்தபோது அதில் ஒரு சாய்வுக்கோடு, விலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். கிடைக்கோடாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: அந்த விலை தற்செயலாகத் திரைக்குள் விழுந்தால், நாமே போட்ட சப்போர்ட் என்று நம்பிவிடுவோம். கோடுகளையெல்லாம் அழித்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். அதே காரணத்தால், நீங்கள் உழைத்துக் கோடு வரைந்த சார்ட்டின் மேல் டெம்ப்ளேட்டைப் போடுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். இருந்த இண்டிகேட்டர்கள் போய், டெம்ப்ளேட்டில் உள்ளவைதான் வரும். தானியங்கி நிரல் எதையாவது ஓடவிட்டிருந்தால் அதுவும் கழன்றுவிடும்.

இன்னொன்று, டெம்ப்ளேட் ஒன்றே என்பதால் பொருளும் ஒன்றே என்று ஆகிவிடாது. ஒரு மணி நேரச் சார்ட்டில் 50 இஎம்ஏ கடந்த இரண்டு நாள் கதையை ஒட்டியது. தினச் சார்ட்டில் அதுவே பத்து வாரக் கதை. தினச் சார்ட்டில் கோட்டுக்கு மேலும், மணிச் சார்ட்டில் கோட்டுக்குக் கீழும் விலை நிற்பது முரண்பாடு இல்லை, ஏற்றத்தின் நடுவே ஒரு இறக்கம். இது தெரியாமல் முன்பு போலவே விழித்தேன். இப்போது கூடுதலாக இரண்டு டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன். `d1_dir.tpl`-இல் 50 இஎம்ஏ மட்டும், திசை பார்க்க. `h1_entry.tpl`-இல் மூன்றும். தினச் சார்ட் பார்த்து, திசையைத் தாளில் ஒரே சொல்லாக எழுதி, மூடிவிட்டுத்தான் மணிச் சார்ட்டுக்குப் போவேன்.

சார்ட் சுத்தமானதும் லாபம் வந்துவிட்டதா என்றால், இல்லை. தப்பான டிரேடுகள் தொடர்ந்தன. ஆனால் ஏன் தப்பானது என்று இப்போது கண்டுபிடிக்க முடிந்தது. முன்பு ஒன்பது கோடுகளில் எந்தக் கோட்டை நம்பி இறங்கினேன் என்பதே எனக்குத் தெரியாது.

புது இண்டிகேட்டர் ஆசை இன்னும் வருகிறது, அதை மறுப்பதற்கில்லை. அதற்காக `sothanai.tpl` என்று தனியாக ஒன்று. புதிதாக எதைப் பார்த்தாலும் அதில்தான் போடுவேன். பழைய பார்களுக்குப் போய், F12-ஐ அழுத்தி ஒவ்வொரு பாராக நகர்த்தி, இருபது இடங்களில் என் முடிவை முதலில் எழுதுவேன். பிறகு புது இண்டிகேட்டரைப் பார்த்து, அது எத்தனை இடத்தில் என் முடிவை மாற்றியது என்று குறிப்பேன். சிசிஐக்கு இப்படிச் செய்தபோது இருபதில் இரண்டு இடத்தில்தான் மாறியது, அந்த இரண்டில் ஒன்று தவறு. `default.tpl`-இல் கை வைப்பதாக இருந்தால் சனி, ஞாயிறில் மட்டும், சந்தை மூடியிருக்கும்போது. இதுவரை ஒருமுறைதான் மாற்றியிருக்கிறேன், அதுவும் மெழுகுவர்த்தியின் நிறத்தை.