நூலகத்தில் கேட்காமல் போன எழுத்துகள்

முப்பது ஆண்டுகளாக நூலகத்தில் வேலை. எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசும் இடம். அங்கேதான் என் காது முதலில் மாட்டிக்கொண்டது.

வீட்டில் மனைவி "ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது?" என்றபோதெல்லாம் கவனம் வேறெங்கோ இருந்தது என்று சமாளித்துவிட்டேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கிசுகிசுக்கும் மாணவர்களிடம் "என்னம்மா? இன்னொரு தடவை சொல்லு" என்று ஒரே நாளில் பத்துப் பேரிடம் கேட்ட பிறகு சமாளிக்க வழியில்லை. டாக்டர் காதுக்குள் பார்த்தார், அழுக்கை எடுத்தார், செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். அங்கிருந்து கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து "பீப்" கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்ததும் அந்தப் பெண், எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் எனக்குக் கேட்க ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராமை மேசையில் விரித்தார். 250, 500 ஹெர்ட்ஸில் கோடு 20 டெசிபலுக்குப் பக்கத்தில், இயல்பாக இருந்தது. 2000இல் 45. 4000இல் 65. இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுதான். மலைச்சரிவு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போன கோடு.

"சார், உங்களுக்குச் சத்தம் கேக்குது. எழுத்துதான் கேக்கல" என்றார். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால் 'கட்டு', 'தட்டு', 'பட்டு' மூன்றும் எனக்கு ஒரே மாதிரி விழுந்தன. கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதே இல்லை. மூச்சின் உரசல் மட்டும்தான். எனக்குக் கேட்கக்கூடிய தாழ்ந்த பாதி அதில் மிகவும் குறைவு. நூலகத்தில் நான் ஏன் முதலில் தோற்றேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்து, வசதியான சத்தத்தில் 25 சொற்களைக் கேட்கவைத்து திருப்பிச் சொல்லச் சொன்னார். 21 சரி. "போதுமான சத்தம் கிடைச்சா, அமைதியான இடத்துல உங்க காது இவ்வளவு பிரிச்சுப் பார்க்கும். காது மெஷின் இதைத் தாண்டிப் பெரிசா எதுவும் பண்ணாது" என்றார். அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மனது முழுக்க வேறொரு கேள்வி: வெளியே தெரியாமல் போட முடியுமா?

காது கருவிகளில் பல வடிவங்கள் உண்டு. காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, காதின் அளவுக்குச் செய்த அச்சுக்குள் குழாய் வழியாகச் சத்தத்தை அனுப்புவது ஒன்று. பின்னால் சின்ன உடல், மெல்லிய கம்பி, துளைக்குள் ரப்பர் குடை போன்ற ஒரு முனை, அந்த முனையிலேயே ஸ்பீக்கர் என்பது இன்னொன்று. இதை ரிக் என்கிறார்கள். காதின் கிண்ணத்தை நிறைப்பது ஒன்று. துளைக்குள் முழுசாக மறைந்து, எடுப்பதற்கு ஒரு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. நான் கேட்டது அந்தக் கடைசி வகை. "உங்க ஆடியோகிராமுக்கு அது சரியா வராம போகலாம்" என்று அவர் சொல்லியும் பிடிவாதம் பிடித்தேன். திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு காதுக்கு அச்செடுத்தார்கள்.

கருவி வந்தது. மாட்டினேன். "நல்லா கேக்குதா?" என்றார். "கேக்குது" என்றேன். என் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது.

சாதாரண எரிச்சல் இல்லை அது. ஒவ்வொரு சொல்லும் மண்டைக்குள் முழங்கியது. மென்றால் உரலில் இடிக்கிற சத்தம். நான்கு நாளில் பேச்சைக் குறைத்துவிட்டேன். பழகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் நாள் போய் நின்றபோது ஆடியாலஜிஸ்ட் ஒரு சோதனை வைத்தார். முதல் முறையாகக் கருவி போடும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கருவியை அணைத்தார், ஆனால் கழற்றவில்லை. "இப்ப 'ஈ...' சொல்லுங்க, 'ஊ...' சொல்லுங்க" என்றார். அணைத்த பிறகும் அதே முழக்கம்.

அணைத்தபின் முழக்கம் போயிருந்தால், கருவி என் குரலைக் கூடுதலாகப் பெருக்குகிறது என்று பொருள். கணினியில் கொஞ்சம் குறைத்துவிடலாம், மீதி பழக்கத்தில் சரியாகும். அணைத்தும் இருந்தால் காரணம் அடைப்பு. நாம் பேசும்போது தாடை, எலும்பு வழியாகக் காதுத் துளையின் சுவரும் அதிர்கிறது. சாதாரணமாக அந்தச் சத்தம் வெளியே ஓடிவிடும். துளையின் வாயை அடைத்தால் ஓட வழியில்லாமல் செவிப்பறையில் போய் மோதுகிறது. இரண்டு விரலால் காதைப் பொத்திக்கொண்டு 'ஊ' என்று சொல்லிப் பாருங்கள், அதேதான். தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்கிற என்னைப் போன்றவர்களை இது வாட்டி எடுக்கும். காற்று போக ஓட்டை போடலாம்தான். ஆனால் அவ்வளவு சின்ன உடலில் பெரிய ஓட்டைக்கு இடமில்லை.

ஆகவே ரிக்குக்கு மாறினேன். முனையில் ஓட்டைகள் உள்ள திறந்த குடை. தாழ்ந்த ஒலி அதன் பாட்டுக்கு உள்ளே வந்து வெளியே போகிறது, உயர்ந்த சுருதியை மட்டும் கருவி கூட்டித் தருகிறது. மாட்டியதும் என் குரல் என் குரலாக இருந்தது. தாழ்ந்த சுருதியும் கேட்காதவர்களுக்கு இந்தத் திறந்த குடை உதவாது. கூட்டிக் கொடுக்கிற சத்தமெல்லாம் வெளியே ஒழுகிவிடும். அவர்களுக்குப் பெரும்பாலும் அச்சு வைத்த பின்காதுக் கருவிதான். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது கண்ணாடி இல்லை, ஆடியோகிராம்.

வெளியே தெரிகிறதா? மெல்லிய கம்பி தெரிகிறது. இதுவரை இரண்டு பேர் கவனித்திருக்கிறார்கள். அதில் ஒருவர், தானும் போட்டிருப்பதைக் காட்டினார்.

குரல் பிரச்சினை தீர்ந்ததும் உலகத்தின் பிரச்சினை ஆரம்பித்தது. நூலகத்தில் யாராவது பக்கத்தைப் புரட்டினால் கிழிப்பது போல இருந்தது. சாவிக்கொத்து, குழாய்த் தண்ணீர், என் செருப்பு, ஃபிரிட்ஜ், எல்லாமே தகரத்தில் உரசின. காலையில் மாட்டுவேன், பதினோரு மணிக்குள் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். 'முக்கியமான பேச்சு' வரும்போது மட்டும் எடுத்துப் போடுவேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். "தினமும் போடுறீங்களா சார்?" "போடுறேன்." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கருவி தானே கணக்கு வைக்கிறதாம்: சராசரி நாளுக்கு 2.4 மணி நேரம். ஹோம்வொர்க் எழுதாமல் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. ஃபிரிட்ஜ் சத்தம் முக்கியமில்லை என்று மூளை ஒதுக்க வேண்டுமானால் அது தொடர்ந்து கேட்க வேண்டும். முக்கியமான பேச்சுக்கு மட்டும் போட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாச் சத்தமும் புதுச் சத்தம்தான் என்றார். முதல் மூன்று நாள் வீட்டில் அமைதியாக இருக்கும்போது நான்கு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டி, எழுந்ததிலிருந்து தூங்கும்வரை. தலைவலித்தால் அரை மணி ஓய்வு, ஆனால் திரும்பப் போட வேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் மூன்றாவது வாரத்தில் சாதாரணமாகிவிட்டது. பாத்திரம் மோதும் சத்தத்துக்கு இரண்டு மாதம் ஆனது.

அதே சந்திப்பில் இன்னொன்றும் செய்தார். மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குக் கிட்டே நுழைத்து, அதன் மேல் கருவியையும் மாட்டி, உள்ளே உண்மையில் எவ்வளவு சத்தம் சேர்கிறது என்று அளந்தார். புதிதாகப் போடுபவர்களுக்கு முதலில் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து வைப்பார்கள் என்பது தெரியும். ஆனால் 4000 ஹெர்ட்ஸில் எனக்கு அதைவிடவும் குறைவு. இலக்குக்குப் 10 டெசிபல் கீழே. கூட்டினார். உடனே விசில். திறந்த முனையிலிருந்து ஒழுகும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்க் கத்துகிறது. ஓட்டை குறைந்த குடையைப் போட்டார். விசில் நின்றது, என் குரலில் துளி பானைச் சத்தம் திரும்பி வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன். எழுத்து கேட்பதற்காகத் துளி பானையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மாதத்தில் உறவினர் வீட்டில் இருபது பேர் கூடினோம். பெரிய நம்பிக்கையோடு போனேன். கூட்டத்தின் இரைச்சல் முழுவதும் வந்தது, எதிரே இருந்தவர் பேச்சு அதில் மிதந்தது. 25க்கு 21 என்பது அமைதியான அறைக் கணக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. கருவியின் மைக்குகள் முன்னால் இருப்பவர் பக்கம் சாய்ந்து கேட்கும், ஆனால் இரைச்சலும் பேச்சாகவே இருந்தால் அவற்றால் முழுசாகப் பிரிக்க முடியாது. இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் மாறி, பேசுபவரிடம் ஒரு மீட்டருக்குள் நெருங்கி உட்கார்ந்த பிறகு பாதிக்கு மேல் பிடிபட்டது. தூரம் பாதியானால் பேச்சு கிட்டத்தட்ட 6 டெசிபல் ஏறுகிறது. எந்த பொத்தானும் அதை இவ்வளவு சுத்தமாகச் செய்யாது. மனைவி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் இன்றைக்கும் பெயர் கேட்கும், சேதி கேட்காது. இப்போது அவள் வாசல்வரை வந்து சொல்கிறாள்; பாதி நாள் நான் எழுந்து போகிறேன்.

போன வாரம் காலையில் மாட்டியதுமே இடப்பக்கம் ஏதோ இல்லை என்று தோன்றியது. சார்ஜ் இருந்தது, விளக்கு எரிந்தது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து வலது முனையின் ஸ்பீக்கர் வாயையும் இடது முனையினுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடதில் இருந்த வெள்ளை அழுக்கு வடிகட்டி மஞ்சளாகி அடைத்திருந்தது. பெட்டியிலிருந்த குச்சியால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதை அழுத்தினேன். ஒரு நிமிட வேலை. அந்த உயர்ந்த சுருதி ஆறு மாதத்துக்கு முன்பு இரண்டு காதிலும் இல்லாதது. அன்றைக்கு ஒரு பக்கம் இல்லாததை நான் செருப்பு மாட்டுவதற்குள் கண்டுபிடித்திருந்தேன்.