பேக்டிராப்புக்கு முன்னாடி ஸ்டாண்டிய யோசிங்க: கடலூர் கண்காட்சி ஸ்டால் அனுபவம்

நான் கடலூர்ல பிளக்ஸ், பேக்கிங் லேபிள்னு டிசைன் வேலை பண்றேன். காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைச்சு விக்கிற அக்கா ஒருத்தங்க மஞ்சக்குப்பம் மைதானத்துல நடந்த கண்காட்சிக்கு ஸ்டால் எடுத்திருந்தாங்க, பின்சுவருக்கு பேக்டிராப்பும், தனியா நிக்கற போர்டா ஒரு ஸ்டாண்டியும் பண்ணித் தரச் சொன்னாங்க. அதுல கத்துக்கிட்டத எழுதி வைக்கறேன், முக்கியமா மூணு பக்கம் சுவர் அடைச்ச ஸ்டால் எடுக்கறவங்களுக்கு இது உதவும்.

அக்கா முதல்ல கேட்டது எல்லாரும் கேக்கறதுதான், "தம்பி, பின்னாடி சுவர் முழுக்க பெருசா கடை பேரு, மேல அம்மன் படம், கீழ போன் நம்பர், அப்புறம் நம்ம ஐட்டம் அத்தனையும் போட்டுடு". நான் டிசைன் தொடங்கறதுக்கு முன்னாடி ஏற்பாட்டாளர்கிட்ட லேஅவுட் வாங்குங்கக்கான்னேன். வந்துச்சு. 10க்கு 10 அடி ஸ்டால், அலுமினியம் கம்பத்துல வெள்ளை பேனல் சொருகின மூணு சுவர், உயரம் கிட்டத்தட்ட 8 அடி, முன்னாடி மட்டும் திறப்பு, மேல பேர்ப்பட்டை. நடைபாதை 10 அடி. என்ட்ரன்ஸ் எங்களுக்கு இடது பக்கம், அதனால சாயங்காலக் கூட்டத்துல பெரும்பாலானவங்க இடமிருந்து வலமா வருவாங்க.

இந்த இடத்துல பேப்பர்ல ஒரு ஸ்கேல் வச்சு கோடு போட்டுப் பாத்தேன். நடைபாதை நடுவுல ஒருத்தர் வர்றாருன்னா நம்ம ஸ்டால் வாசல்லருந்து 5 அடி தள்ளி நடக்கறாரு. அவரு ஸ்டாலுக்கு 20 அடி முன்னாடி இருக்கும்போது கண்ணுலருந்து இடது சுவரோட முன் முனைய உரசிக்கிட்டு ஒரு கோடு இழுத்தா அது எங்க போய் முட்டுதுன்னா, வலது சுவர்ல, அதுவும் முன்பக்க இரண்டரை அடியிலயே. அதாவது 20 அடி தூரத்துலருந்து வர்றவருக்கு நம்ம ஸ்டால்ல தெரியறது வலது சுவரோட அந்த இரண்டரை அடி மட்டும்தான், பின்சுவர் ஒரு இன்ச் கூட தெரியாது. பின்சுவர் தெரிய ஆரம்பிக்கறதே அவரு இடது முனைக்கு 5 அடி கிட்ட வந்தப்புறம், அதுவும் முதல்ல வலது ஓரம் மட்டும், முழுசாத் தெரியறது நேரா எதிர்ல நிக்கும்போதுதான். கூட்டத்துல ஆள் செகண்டுக்கு ஒரு 3 அடி நடப்பாருன்னு வைங்க, 10 அடி ஸ்டாலத் தாண்ட மூணு செகண்டு சொச்சம், அதுவும் கழுத்தத் திருப்பிப் பாத்தாதான்.

இதக் காட்டினதும் அக்காவுக்கே புரிஞ்சிடுச்சு. பேக்டிராப் எவ்வளவு அழகா இருந்தாலும் அது தூரத்துலருந்து வர்றவர இழுக்காது, கிட்ட வந்தவருக்கு "ஆமா இதுதான்"னு உறுதி பண்ணும், அவ்வளவுதான் அதோட வேலை. இழுக்கற வேலை ஸ்டாண்டியோடது. ஸ்டாண்டிய பலரும் பண்ற மாதிரி நடைபாதைய நேராப் பாத்த மாதிரி வச்சா சைடுல வர்றவருக்கு அதோட ஓரம்தான் தெரியும். அதனால வலது முன் மூலையில, வலது சுவர ஒட்டி, முகம் இடது பக்கம் பாத்த மாதிரி வைக்க முடிவு பண்ணோம். ஸ்டாண்டி அகலம் இரண்டரை அடி, அந்தத் தெரியற இரண்டரை அடிக்குச் சரியா உக்காந்துடும். நடைபாதைக்கு வெளிய எதையும் நீட்ட விடமாட்டாங்க, இது ஸ்டாலுக்குள்ளயே இருக்கறதால அந்தப் பிரச்சினையும் இல்ல, உள்ள வர்றவங்களுக்கும் வழி மறிக்காது. எதிர்த் திசையில வர்றவங்களுக்காக இடது சுவரோட முதல் பேனல்ல அதே டிசைன சன்போர்டுல ஒட்டினோம்.

அடுத்தது உயரம். கடையில ரெடியா கிடைக்கற ரோல்அப் ஸ்டாண்டி தரையிலருந்து 6 அடி. சாயங்காலம் 7 மணிக்கு கூட்டம் அடர்த்தியா இருக்கும்போது அஞ்சு அடிக்குக் கீழ என்ன எழுதினாலும் முன்னாடி போறவங்க தலையும் தோளும் மறைச்சிடும், மிச்சம் தெரியறது மேல ஒரு அடி. போதாக்குறைக்கு ஷெட்டுல அங்கங்க பெரிய பெடஸ்டல் ஃபேன் வச்சிருப்பாங்க, அந்தக் காத்துக்கு ரோல்அப் ஆடும், சமயத்துல சாய்ஞ்சும் விழும். அதனால வெல்டிங் பட்டறையில சதுரப் பைப்புல இரும்பு பிரேம் அடிக்கச் சொன்னேன், ஒன்றரை அடி காலு, அதுக்கு மேல 6 அடி பிளக்ஸ், மொத்தம் ஏழரை அடி, சுவர் உயரத்துக்குள்ளயே அடங்கும். பின்காலுல ஒரு மணல் மூட்டை.

இப்ப அதுல என்ன எழுதறது? அக்கா கடை பேரத்தான் மேல போடணும்னாங்க. நியாயமான ஆசைதான், ஆனா அந்தப் பேர இதுக்கு முன்னாடி கேட்காதவருக்கு அது ஒண்ணும் சொல்லாது, முந்திரின்னா சொல்லும். கடை பேருக்கு ஏற்கனவே முன்னாடி பேர்ப்பட்டை இருக்கு, பாக்கெட்டுல இருக்கு, ஸ்டாண்டி கீழயும் சின்னதா போட்டுடலாம்னு பேசி ஒத்துக்க வச்சேன். அம்மன் படம் கல்லா மேசை மேல சின்ன பிரேம்ல வச்சோம், விளக்கோட, அது அங்கதான் நல்லாவும் இருந்துச்சு. ஸ்டாண்டி உச்சியில "முந்திரி"ன்னு ஒரே வார்த்தை. போர்டு எழுதறவங்க பொதுவா 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்துன்னு கணக்கு வைப்பாங்க, அப்படிப் பாத்தா 20 அடிக்கு 2 இன்ச் போதும், ஆனா அது நின்னு நிதானமா படிக்கறவருக்கு. நடந்துக்கிட்டே, பேசிக்கிட்டே, குழந்தைய இழுத்துக்கிட்டு வர்றவருக்கு நான் 5 இன்ச் வச்சேன்.

இதுல தமிழுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. 5 இன்ச்னு நான் சொல்றது எழுத்தோட உடம்பு, 'ப' எவ்வளவு உயரமோ அது. மேல தி, ரி ரெண்டுக்கும் கொக்கி வளையும், கீழ மு வால் இறங்கும், அதெல்லாம் சேத்தா அந்த வரிக்கு 8, 9 இன்ச் இடம் வேணும். சாஃப்ட்வேர்ல காட்டற சைஸ நம்பி 5 இன்ச்னு போட்டீங்கன்னா உடம்பு 3 இன்ச்தான் வரும். ஃபாண்ட் Mukta Malar, அதுல தடிச்ச வெயிட். தூரத்துல மெல்லிசு கோடெல்லாம் கரைஞ்சு போயிடும், அலங்கார எழுத்துல தி கொக்கியும் தீ கொக்கியும் ஒண்ணாத் தெரியும்.

பிரிண்ட்டுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுவேன், இத எல்லாரும் பண்ணலாம், செலவே இல்ல. 1 அடிய 1 இன்ச்சா சுருக்குங்க. 10க்கு 8 அடி பேக்டிராப் 10க்கு 8 இன்ச் ஆகும், ஒரு ஏ4 தாள்ல அடங்கிடும், ஸ்டாண்டி இரண்டரைக்கு 6 இன்ச். அத சுவர்ல ஒட்டி 20 இன்ச் தள்ளி நின்னு பாத்தா 20 அடிலருந்து பாக்கற அதே அளவுதான். நான் அத எதிர்க்கடை அண்ணன்கிட்ட ஒரு செகண்டு காட்டிட்டு மறைச்சுட்டேன். அப்ப ஸ்டாண்டியில கிண்ணம் நிறைய முந்திரிப் பருப்பு படம். "என்னாண்ணே பாத்தீங்க?"ன்னா, "முந்திரின்னு எழுதிருந்துச்சு, படம் பூண்டா?"ன்னாரு. உண்மைதான், வெளிறின சின்னச் சின்னதா குவிச்சு வச்சது தூரத்துல எதுவா வேணாலும் தெரியும். படத்த மாத்தி, செவப்பு முந்திரிப் பழம் ஒண்ணே ஒண்ணு, அடியில கொட்டை தொங்கற மாதிரி, ஸ்டாண்டி அகலம் முழுக்க. பின்னணி கரும்பச்சை, எழுத்து வெளிர் மஞ்சள். திரும்பக் காட்டினா படத்தையே முதல்ல சொன்னாரு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கு அந்தப் பழம் கண்ணுல பட்டாலே போதும், படிக்கவே வேணாம்.

பேக்டிராப்புலயும் அதே பச்சை, அதே மஞ்சள், ஸ்டாண்டிய பாத்த கண்ணு நேரா உள்ள வரணும்ல. 5 அடிக்கு மேல மட்டும் ரெண்டு வரி, "பண்ருட்டி முந்திரி", உடம்பு 8 இன்ச். உச்சியில கொஞ்சம் காலி விட்டேன், ஏன்னா தூரத்துலருந்து நேராப் பாத்தா முன்பக்கப் பேர்ப்பட்டை பின்சுவரோட மேல் சில இன்ச்ச மறைக்கும். 5 அடிக்குக் கீழ வெறும் பச்சைதான், அங்க மேசையும் அக்காவும் அவங்க பொண்ணும் நிக்கறாங்க, அவங்களுக்குப் பின்னாடி போன் நம்பர் எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம். ரகமும் விலையும் மேசை மேல கார்டுல, W180, W240, W320ன்னு. ஒரு பவுண்டுக்கு எத்தன பருப்பு நிக்கும்னுதான் அந்த நம்பர், நம்பர் குறைய குறைய பருப்பு பெருசு, இத மூணு கிண்ணத்துல பக்கத்துல பக்கத்துல வச்சதும் ஜனங்களே எடுத்துப் பாத்து ஒப்பிட ஆரம்பிச்சாங்க. பேக்டிராப்புல எழுதவேண்டிய விஷயம் இல்ல அது, கைக்கெட்டற தூரத்து விஷயம்.

பிரிண்ட் கடையில ஒரு தடங்கல். அவங்க சிஸ்டத்துல ஃபைல ஓப்பன் பண்ணதும் ருவுல இருக்கற வால் கழண்டு தனியா நின்னுச்சு. பழைய வெர்ஷன் சாஃப்ட்வேர்ல தமிழ் யூனிகோடு இப்படி உடையறது சகஜம்தான், எழுத்த எல்லாம் கர்வா, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தின இன்னொரு பிடிஎஃப் கையில வச்சிருந்தேன், அதத்தான் ஓட்டினாங்க. ஆனா மாத்தினப்புறமும் ஸ்கிரீன்ல ஒருதடவ எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுதான் ஓகே சொல்லுங்க. மேட் ஃபினிஷ் கேளுங்க, பளபளா பிளக்ஸ்ல ஸ்பாட் லைட் அடிச்சா எழுத்து நடுவுல வெள்ளையா ஒரு திட்டு நிக்கும். மடிச்சுத் தரவிடாதீங்க, சுருட்டித்தான் வாங்கணும், மடிப்புக்கோடு விழுந்தா லேசுல போகாது.

முதல் நாள் சாயங்காலம் நடைபாதையில கூட்டத்தோட கூட்டமா நடந்து போன்ல வீடியோ எடுத்தேன், அப்புறம் ஜனங்க காலப் பாத்துக்கிட்டு நின்னேன். கண்டுபிடிக்க இதுதான் வழி. நடை மேசைக்கு முன்னாடியே தளர்ந்தா ஸ்டாண்டி வேலை செய்யுது. மேசையத் தாண்டிப் போயிட்டு திரும்பிப் பாத்தாங்கன்னா பேக்டிராப் மட்டும்தான் கண்ணுல பட்டுருக்குன்னு அர்த்தம், பின்னாடி வர்ற கூட்டம் தள்ளும்போது பாதி பேரு திரும்பி வரமாட்டாங்க. எங்களுக்கு இடதுலருந்து வந்தவங்க முன்னாடியே ஒதுங்கினாங்க, வலதுலருந்து வந்தவங்க பலரு தாண்டிட்டுதான் திரும்பினாங்க. போய்ப் பாத்தா அந்தப் பேனலுக்கு வெளிச்சமே இல்ல, ரெண்டு ஸ்பாட்டும் பின்சுவரையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஒண்ண இடது பேனல் பக்கம் திருப்பினதும் வித்தியாசம் தெரிஞ்சுது.

அக்கா அடுத்து பாண்டிச்சேரியில ஒரு கண்காட்சிக்கு கார்னர் ஸ்டால் புக் பண்ணிருக்காங்க, ரெண்டு பக்கம் திறப்பு. பேக்டிராப் அப்படியே ஆகும், ஆனா வலது சுவரே கிடையாது, அதனால ஸ்டாண்டிக்குப் பின்னாடியும் ஆள் நடப்பாங்க. பிரேமோட முதுகுலயும் ஒரு பிளக்ஸ் கட்டணும், லேஅவுட் வந்ததும் மறுபடி ஸ்கேல் வச்சு கோடு போட்டுட்டுதான் எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணப்போறோம்.