0.45 பெரிதா, 0.6 பெரிதா?

ஜூலை 7

ஆறாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் நாளைய பாடம் தசம எண்களை ஒப்பிடுதல். ஒரு பிரிவு எனக்கு, மற்றது சக ஆசிரியைக்கு. புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைப் பூச்சியம் சேர்த்துச் சமமாக்கினால் 0.6 என்பது 0.60 ஆகிவிடும், பிறகு 60-ஐயும் 45-ஐயும் ஒப்பிடுவது எளிது என்பது என் திட்டம். “அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள், சார்?” என்று சக ஆசிரியை கேட்டுவிட்டு, நூறு கட்டங்கள் உள்ள சதுரத்தை நகலெடுக்கப் போய்விட்டார்.

ஜூலை 8

என் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பயிற்சிக் கணக்குகளில் ஏறக்குறைய எல்லாமே சரி. அந்தப் பெருமிதத்தோடு அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தேன். 45 ஆறைவிடப் பெரியது, ஆகவே 0.45 பெரிது என்று ஒரு மாணவன் அடித்துச் சொன்னான். அவர் திருத்தவில்லை; இரண்டையும் வண்ணம் தீட்டச் சொன்னார். 0.6-க்கு ஆறு முழு நிரைகளும், 0.45-க்கு நான்கு நிரைகளும் ஐந்து கட்டங்களும் நிறைந்தன. அவன் கட்டங்களை விரல் வைத்து மறுபடி எண்ணினான், பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். பாடவேளை முழுவதிலும் மூன்றே ஒப்பீடுகள்தாம் நடந்தன என்பது எனக்கு அப்போது வீணாகவே பட்டது.

ஜூலை 22

முன்னறிவிப்பின்றி இரு வகுப்புகளுக்கும் ஒரே தாளைக் கொடுத்தோம். 0.62, 0.35 என்ற கணக்கை எல்லோரும் சரியாகச் செய்திருந்தனர். ஆனால் முழு எண்களாக நினைப்பவருக்கும் அதில் சரியான விடையே கிடைக்கும் என்பதால் அது எதையும் காட்டாது. 0.6, 0.45 என்ற கணக்கில் என் வகுப்பின் 34 பேரில் 13 பேர் பழைய தவறுக்கே திரும்பியிருந்தனர். 0.4-க்கும் 0.5-க்கும் இடையே ஓர் எண் கேட்டதற்குப் பாதிப்பேர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தனர். அவர் வகுப்பில் பெரும்பாலோர் 0.43, 0.47 என்று எழுதியிருந்தனர்.

ஆயினும் அவர் வகுப்பிலும் ஒரு புதுக் குழப்பம் முளைத்திருந்தது. 0.3 என்பது 0.45-ஐவிடப் பெரிது என்று நான்கு பேர் எழுதியிருந்தனர். கேட்டபோது, “பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியதல்லவா?” என்றாள் ஒருத்தி. துண்டின் அளவை நினைவில் வைத்தவள் எத்தனை துண்டுகள் என்பதை விட்டுவிட்டாள். 0.389 வந்த இடத்தில் பலர் நின்றுவிட்டனர். நூறு கட்டத் தாளில் ஆயிரத்தில் ஒன்றைத் தீட்ட முடியாது.

ஜூலை 23

என் வகுப்பில் இன்று கட்டத்தாள். ஆறு நிரைகளைத் தீட்டியவர்களிடம் அதில் எத்தனை கட்டங்கள் என்று கேட்டேன். அறுபது என்றார்கள். “அப்போ அந்தப் பூச்சியம் இங்கேதான் இருக்கா, சார்?” என்றாள் முதல் வரிசைப் பெண். அடுத்த அறையில் சக ஆசிரியை 0.389-க்குப் பக்கத்தில் 0.450 என்று எழுதிக்கொண்டிருந்தார்.