முகப்பு ஒன்று, வளவு ஒன்று: பலகார வாடிக்கையாளர் குழு நடத்தும் விதம்

காரைக்குடியில் வீட்டில் வைத்துச் செய்யும் பலகாரத் தொழில் இது. மாவுருண்டை, தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று வாராவாரம் செய்து அனுப்புகிறோம். வாங்குபவர்களில் பாதிப் பேர் சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று வெளியூரில் இருப்பவர்கள். ஆர்டர் விவரம் சொல்லவும், பலகாரத்தைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்தோம். ஒரே குழுவாக ஆரம்பித்தது பிழை. இப்போது இரண்டாக இருக்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறோம்.

சாதாரண வாட்ஸாப் குழுவில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் தெரியும். குழுவில் வந்து விழும் விளம்பரத்தை அழித்துவிடலாம். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும் விளம்பரம் நம் கண்ணிலேயே படாது. வாடிக்கையாளர் மட்டும் மனதுக்குள், ‘இந்தக் கடையில் வாங்கினதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை’ என்று நினைத்துக்கொள்வார். ஆகவே காவலை வாசலில் போடவேண்டும், உள்ளே கை லேசாக இருந்தால் போதும்.

எங்கள் ஊர் வீடுகளில் யார் வந்தாலும் முகப்பில் உட்காரலாம். உள்முற்றமான வளவுக்குள் வருகிறவர்கள் வேண்டியவர்கள். அதே கணக்கில் வாட்ஸாப்பின் ‘கம்யூனிட்டி’ வசதியை எடுத்துக்கொண்டோம். அதனுடன் வரும் அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். உறுப்பினர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. இதற்கு ‘முகப்பு’ என்று பேர். அதே கம்யூனிட்டிக்குள் பேசுவதற்காக வைத்த தனிக் குழு ‘வளவு’. வளவில் எண் தெரியும் என்பதால் அதில் யாரையும் நாங்களாகச் சேர்ப்பதில்லை. ‘உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியும், சம்மதமா?’ என்று கேட்டு, ‘சரி’ என்று எழுத்தில் வந்த பிறகுதான் சேர்க்கிறோம். முகப்பில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவர் கூட வளவுக்கு வரவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை, வந்தவர்கள் பேச விருப்பமுள்ளவர்கள்.

வளவில் Group permissions பகுதிக்குப் போய் இரண்டு இடத்தை மாற்றவேண்டும். உறுப்பினர்கள் புதிய ஆளைச் சேர்க்கும் உரிமையை நிறுத்திவிட வேண்டும். Approve new members என்பதை இயக்கிவிட வேண்டும். இதன்பின் இணைப்பு கையில் கிடைத்தவரும் நேரே உள்ளே வர முடியாது, கதவுக்கு வெளியே காத்திருப்பார். ஆனால் தட்டுகிறவர் யாரென்று பார்க்காமல் திறந்துவிட்டால் இந்தக் கதவால் பயனில்லை.

இணைப்பை இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை, பையில் அச்சடிப்பதும் இல்லை. இரண்டாவது முறை வாங்குகிறவருடைய பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்: ‘வளவில் சேர விருப்பமானால் கடை எண்ணுக்கு, சேர்கிறேன் என்று அனுப்புங்கள்.’ செய்தி வந்ததும் ஆர்டர் நோட்டில் அந்த எண்ணைத் தேடுகிறோம். இருந்தால் இணைப்பு அனுப்புகிறோம். எண் பொருந்தாத ஆட்களும் வருவார்கள். அம்மா தேவகோட்டையில் பார்சல் வாங்குவார், பணம் அனுப்பிய மகள் சிங்கப்பூரில் இருப்பார், சேரக் கேட்பது +65 எண். அப்படிப்பட்டவரிடம், ‘கடைசிப் பார்சல் யார் பேருக்கு, எந்த ஊருக்குப் போனது?’ என்று ஒரே கேள்வி. வாங்கினவருக்குப் பதில் உடனே வந்துவிடும். சுற்றி வளைக்கிறவரைச் சேர்ப்பதில்லை.

விதிகளை முதலில் எழுதியபோது ‘தேவையற்ற செய்திகளைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. காலை வணக்கம் அனுப்புகிறவர் யாரும் தன் செய்தியைத் தேவையற்றது என்று நினைப்பதில்லையே. அந்த வரியால் யாரும் எதையும் நிறுத்தவில்லை. இப்போது இருப்பது இது, வளவின் விவரப் பகுதியில் அப்படியே இருக்கிறது:

‘இங்கே பேச்சு பலகாரம், சமையல், பார்சல் பற்றி மட்டும். ஃபார்வர்டு எதுவும் வேண்டாம்: காலை வணக்கம், கோவில் அழைப்பு, நன்கொடை, வரன், வாடகை வீடு, நல்ல காரியமானாலும் சரி. யாரும் இங்கே விற்கக்கூடாது, கடையும்கூட. கடை அறிவிப்பு முகப்பில், வாரம் இரண்டு தடவை மட்டும். ஆர்டரும் பணமும் கடை எண்ணில் மட்டும். கேட்காமல் யாருக்கும் தனிச் செய்தி அனுப்பக்கூடாது. பலகாரத்தில் குறை இருந்தால் இங்கேயே சொல்லலாம், அழிக்கமாட்டோம்.’

‘நல்ல காரியமானாலும் சரி’ என்ற சொற்கள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும். நகரத்தார் கோவில் விழா அழைப்பையோ முன்னோருக்குப் படைக்கும் படைப்பின் அறிவிப்பையோ ஒருவர் போட்டால் அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒன்றை விட்டுவிட்டால் மறுநாள் மூன்று வரும், நான்காவதாக நகைச் சீட்டு வரும். கடையையும் விதிக்குள் கொண்டுவந்ததுதான் மற்றவர்களை அடக்கியது என்பது எங்கள் எண்ணம். குழுவில் அதிகமாக விளம்பரம் போடுகிற ஆள் பெரும்பாலும் குழு நடத்துகிறவர்தான்.

மீறினால் என்ன செய்வது? அட்மின் அழித்தால், செய்தி இருந்த இடத்தில் அட்மின் அழித்தார் என்ற குறிப்பு பேரோடு நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள். அனுப்பியவரே அழித்தால் அழிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். அனுப்பியவருக்கு அதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் உண்டு. எழுபது வயது ஆச்சியின் காலை வணக்கத்தைச் சபையில் வைத்து அழிக்கவேண்டியதில்லை. முதலில் தனியாக ஒரு செய்தி: ‘ஆச்சி, வணக்கம். வளவில் பலகாரப் பேச்சு மட்டும்னு வச்சிருக்கோம். காலையில போட்டதை நீங்களே எடுத்துட்டா நல்லாயிருக்கும். எடுக்கத் தெரியலைன்னா சொல்லுங்க, நாங்க எடுத்துடுறோம்.’ பெரும்பாலும் அரை மணியில் எடுத்துவிடுவார்கள். இரண்டாவது முறை நாங்கள் அழிக்கிறோம், மூன்றாவது முறை வளவிலிருந்து எடுத்துவிடுகிறோம். முகப்பில் இருக்கலாம், ஆர்டர் போடலாம். வாடிக்கையாளரை இழக்காமல் உறுப்பினரை மட்டும் எடுக்க முடிகிறது, இரண்டு குழுவாகப் பிரித்ததில் இது எதிர்பாராத லாபம். பணம் கேட்கும் செய்தி, தெரியாத இணைப்பு இரண்டுக்கும் இந்தப் பொறுமை கிடையாது. கண்ட நிமிடமே அழித்து ஆளை எடுத்துவிட வேண்டும்.

அட்மின் இரண்டு பேர். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மூன்று தடவை பார்த்தால் போதும். நாள் முழுக்கக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கும் அட்மின் தேவையில்லாததற்கெல்லாம் கையை நீட்டுவார்.

குறை சொல்லும் செய்தியைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு தடவை, ‘சீப்புச்சீடையில் சிக்கு வாடை அடிக்குது’ என்று ஒருவர் படத்தோடு போட்டார். அழிக்கத்தான் கை போகும். அழித்திருந்தால் அதை ஏற்கெனவே பார்த்தவர்கள் தனியாகப் பேச ஆரம்பித்திருப்பார்கள். டப்பாவில் ஒட்டிய சீட்டில் இருக்கும் பொரித்த தேதியைக் கேட்டோம். இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. சீப்புச்சீடை மாவில் தேங்காய்ப்பால் சேருவதால் தேன்குழலைவிடச் சீக்கிரம் வாடை வந்துவிடும். ஆனால் சீட்டில் தேதி போட்டிருந்தோமே ஒழிய, எத்தனை நாளைக்குள் சாப்பிடவேண்டும் என்று போடவில்லை. அது எங்கள் தவறு என்று அங்கேயே எழுதி, மாற்றுப் பார்சல் அனுப்பினோம். அதன்பின் சீட்டில் ‘15 நாளைக்குள்’ என்று சேர்த்தோம். அதே டப்பா வாங்கிய இன்னும் இரண்டு பேர் அன்றைக்கே எடுத்து முகர்ந்து பார்த்துச் சொன்னார்கள். குறையை அழித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கதவில் ஓட்டை விழுந்த சமயமும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்று பேர் கடை எண்ணுக்கு ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். எங்கள் கடைப் படத்தை வைத்த வேறு எண்ணிலிருந்து, ‘தீபாவளி ஆர்டரை உறுதிசெய்ய 500 ரூபாய் முன்பணம் அனுப்புங்கள்’ என்று வந்திருந்தது. மூவரும் வளவில் இருப்பவர்கள், முகப்பில் மட்டும் இருந்தவர் ஒருவருக்கும் வரவில்லை. அப்போதே எங்கிருந்து எண் போனது என்று தெரிந்துவிட்டது.

முதல் வேலையாக முகப்பிலும் வளவிலும் ஒரே வாசகம் போட்டோம்: ‘முன்பணம் நாங்கள் கேட்பதில்லை. கடை எண் இது ஒன்றுதான். வேறு எண்ணில் கேட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.’ 1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு, அதனால் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொண்டு எச்சரிக்கையை முதலில் போடவேண்டும்.

பிறகு அந்த எண்ணைக் குழுவில் தேடினோம், இல்லை. இருக்காது, உள்ளே ஒரு எண், பணம் கேட்க வேறு எண் என்றுதான் வருவார்கள். கடைசியாகச் சேர்ந்த பதினைந்து பேரை ஆர்டர் நோட்டோடு ஒத்துப்பார்த்ததில் ஒரு எண்ணுக்கு எந்த ஆர்டரும் இல்லை. இரவு பதினொன்றரைக்கு வந்த கோரிக்கை, தூக்கக் கலக்கத்தில் அனுமதி கொடுத்திருக்கிறோம். அந்த எண்ணை எடுத்துவிட்டு, Reset link அழுத்திப் பழைய இணைப்பைச் செல்லாததாக்கினோம். இதைச் செய்யாவிட்டால் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் இணைப்பில் இன்னொரு எண் வந்து தட்டும்.

Advanced chat privacy என்று ஒரு அமைப்பு இருக்கிறது. உரையாடலை ஏற்றுமதி செய்வதை அது தடுக்கும். ஆனால் உறுப்பினர் பட்டியலைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வதை எதுவும் தடுக்காது. போன எண் போனதுதான். யாரை எடுத்தாலும் அது திரும்பாது. அதை மறைக்காமல் வளவில் எழுதினோம், நான்கு பேர் முகப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

இப்போது இரவு எட்டு மணிக்கு மேல் வரும் சேர்க்கைக் கோரிக்கையை யாரும் தொடுவதில்லை. காலையில், ஆர்டர் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் திறக்கிறோம்.