செங்டு கல்யாணமும் சிவப்பு உறையின் பின்பக்கமும்

சீனாவில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் என்ன பரிசு வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பணம்தான். சிவப்பு உறையில் போட்டுக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு ஹோங்பாவ் என்று பெயர். நான் போனது சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவுக்கு, கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணம். பாண்டா, ஹாட்பாட் கதையெல்லாம் அப்புறம் தனியாக எழுதுகிறேன். இப்போது அந்த உறையும் அதன் மேல் என்ன எழுதுவது என்பதும் மட்டும், ஏனென்றால் கிளம்புவதற்கு முன் நான் இணையத்தில் தேடியபோது எல்லோரும் எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

உறை வாங்குவதிலேயே கொஞ்சம் கவனம் வேண்டும். எழுதுபொருள் கடையில் சிவப்பு உறைகள் அடுக்கடுக்காக இருக்கும், அதில் பாதிக்கு மேல் சீனப் புத்தாண்டுக்கானவை, செல்வம் பெருகட்டும் என்று தங்க எழுத்தில் அச்சடித்தவை. கல்யாணத்துக்கு வேண்டியது 囍 என்ற இரட்டை மகிழ்ச்சிக் குறி போட்டது. அளவும் முக்கியம். 100 யுவான் நோட்டுதான் அங்கே பெரிய நோட்டு, அதை மடிக்காமல் வைக்கிற நீள உறையைக் கேட்டு வாங்குங்கள், சின்ன உறையில் மடித்துத் திணித்தால் பார்க்க நன்றாக இருக்காது. வெள்ளை உறை பக்கமே போகாதீர்கள், அது துக்க வீட்டுக்கு.

தொகையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஊருக்கு ஊர் மாறும். குவாங்டோங் பக்கம் சின்னத் தொகை போதும், அதிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஷாங்காய் பக்கம் எதிர்பார்ப்பு அதிகம். எங்கே போனாலும் மாறாத விதி ஒன்று உண்டு, இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 4 வரக்கூடாது. 4-இன் உச்சரிப்பு சாவுக்கான சொல்லோடு ஒட்டிப்போகிறது, 6-ம் 8-ம் நல்ல எண்கள். நம் ஊரில் நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து மொய் வைத்துப் பழகிய கை, அங்கே அந்த ஒன்றைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நான் 800 வைத்தேன். மணப்பெண்ணின் அலுவலகத் தோழி ஒருவர் என் கூட வந்தார், அந்த அளவு பழக்கத்துக்கு இது சரி என்றார் அவர்.

இனி எழுத்து. நான் முதலில் நினைத்தது, மணமக்களுக்கு நாலு வரி மனதிலிருந்து எழுதலாம், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, உங்கள் வாழ்க்கை இப்படி அமையட்டும் என்கிற மாதிரி. தோழி சிரித்துவிட்டு, அதெல்லாம் தனியாக ஒரு வாழ்த்து அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், உறையில் அப்படி யாரும் எழுதுவதில்லை என்றார். உறையில் வருவது நாலு நாலு எழுத்தாக வரும் வழக்கமான வாழ்த்துத் தொடர்கள், காலம் காலமாக எல்லோரும் எழுதுவது. புதுமை காட்டுகிற இடமே இல்லை அது. எனக்கு இது பெரிய நிம்மதி, பன்னிரண்டு எழுத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரிந்தால் வேலை முடிந்தது.

நாங்கள் கடைசியில் முடிவு செய்தது இது:

```
祝你们
新婚快乐 百年好合 永结同心
库马尔 贺
```

முதல் வரி 'உங்களுக்கு வாழ்த்து', ஜு நி மென். அடுத்தது ஷின் ஹுன் குவாய் லெ, மணவாழ்வின் தொடக்கம் இனிக்கட்டும் என்பது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், இது மட்டும் எழுதினாலே போதும். பாய் நியென் ஹாவ் ஹெ, நூறு ஆண்டு இணங்கி வாழ்க. யோங் ஜியே தோங் ஷின், என்றும் ஒரே மனதாக இணைந்திருங்கள். கடைசி வரியில் என் பெயர், குமார் என்பதை அவர்கள் கு மா அர் என்று மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள், பக்கத்தில் இருப்பது வாழ்த்துபவர் என்பதற்கான ஹெ.

நான் சேர்க்க நினைத்து விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது. சீக்கிரமே நல்ல பிள்ளை பெறுங்கள் என்கிற ஸாவ் ஷெங் குய் ட்ஸு. பட்டியல்களில் எல்லாம் அது முதல் வரிசையில் இருக்கும், கல்யாணக் கட்டிலில் காய்ந்த சீன இலந்தையும் நிலக்கடலையும் லோங்கன் பழமும் தாமரை விதையும் தூவுவதும் அவற்றின் சீனப் பெயர்களில் வரும் அந்த நாலு ஒலிக்காகத்தான். ஆனால் தோழி சொன்ன காரணம் நியாயமாகப் பட்டது, பெரியவர்கள் சொன்னால் அது ஆசீர்வாதம், அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவன் எழுதினால், அதுவும் இந்தக் காலத்துப் பெண்ணுக்கு, வேறு மாதிரி இருக்கும். இளைஞர்களுக்கு எழுதும்போது விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

எழுத்துப் பிழை எங்கே வரும் என்றால், பாய் நியென் ஹாவ் ஹெ-யின் கடைசி எழுத்தில். சேர்வது என்கிற 合 எழுத வேண்டும். அதே ஒலியில் 和 என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் இணக்கம் சம்பந்தப்பட்டதுதான் என்பதால் சீனர்களே சில நேரம் மாற்றி எழுதிவிடுவார்களாம். அதனால் கைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடாதீர்கள், சீன ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டுகிற பின்யின் விசைப்பலகையில் bainianhaohe என்று முழுதாகச் சேர்த்துத் தட்டுங்கள், நாலு எழுத்தும் ஒரே தொடராகச் சரியாக வந்து நிற்கும். அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேறு தாளில் எழுதிப் பழகிவிட்டு அப்புறம் உறையைத் தொடுங்கள். பேனா கறுப்பு மார்க்கர். ஜெல் பேனா அந்த வழவழப்பான தாளில் காயாமல் இழுவிக்கொள்ளும். சிவப்பு மையில் யார் பெயரையும் எழுதக்கூடாது, அதை அபசகுனமாகப் பார்ப்பார்கள்.

எழுதுவது பின்பக்கத்தில், முன்பக்கம் அச்சு இருக்கும். மேலிருந்து கீழாக எழுதினால் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கம் நகர வேண்டும், அப்படிப் போனால் உங்கள் பெயர் தானாக இடது கீழ் மூலைக்கு வந்துவிடும், பெயருக்கு உரிய இடமும் அதுதான். கையெழுத்துக்குப் பயந்தால் கிடைமட்டமாக எழுதுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வாழ்த்தைக்கூட விடலாம், பெயரை விடவே கூடாது. மண்டப வாசலில் மேசை போட்டு உறவினர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் உறையை வாங்கிப் பிரித்து எண்ண, இன்னொருவர் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் பெயரும் தொகையும் எழுதினார். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் குடும்பம் திருப்பிச் செய்யும்போது பார்க்கிற கணக்கு அது. எனவே அந்தப் புத்தகத்தில் ஏறுகிற பெயரும் உறையில் இருக்கிற பெயரும் அவர்கள் உங்களைக் கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் இருக்கிற நீளப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் யார் இது என்று குழம்புவார்கள்.

போக முடியாதவர்கள் வீசாட் என்கிற கைபேசிச் செயலியில் அனுப்பலாம், ஆனால் அதிலிருக்கும் சிவப்பு உறை வசதியில் சாதாரண நாளில் ஒரு உறைக்கு 200 யுவான்தான் உச்சவரம்பு, 24 மணி நேரத்தில் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடும். கல்யாணத் தொகைக்குப் பணப் பரிமாற்றம் என்கிற வழியில் அனுப்பிவிட்டு, மேலே இருக்கிற அந்த மூன்று தொடர்களையும் தனிச் செய்தியாக ஒட்டிவிடுங்கள். நேரில் போயிருந்தால் இன்னொரு வேலையும் உண்டு, சாப்பாட்டின் நடுவே மணமக்கள் மேசை மேசையாக வந்து கோப்பையைத் தூக்குவார்கள், அப்போது எழுந்து நின்று ஷின் ஹுன் குவாய் லெ என்று சத்தமாகச் சொல்லுங்கள், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் மேசையில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். மதிய விருந்து முடிந்ததும் கூட்டம் கலையாது, செங்டுவில் அங்கேயே மாஜோங் விளையாட்டு மேசைகள் விரிந்துவிடும், ராத்திரிச் சாப்பாடு வரை.