மகனின் பாலுண்ணியோடு 14 மாதங்கள்

மகனுக்கு அப்போது 5 வயது. முழங்கால் மடிப்பில் மூன்று சின்னப் பருக்கள், முத்து மாதிரி பளபளப்பாக, நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு குழி. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் இருபதைத் தாண்டியது.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், இது மொலஸ்கம், நம் வீட்டில் பாலுண்ணி என்பார்களே அதுதான். சாதாரண மருவுக்கு வேறு வைரஸ், அது சொரசொரப்பாக இருக்கும், குழி இருக்காது. ஆனால் இரண்டுமே தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொள்ளவே பல மாதங்கள் ஆகுமாம். கண்டுகொண்டால் தானாகவே அழித்துவிடும்.

அவனுக்கு அந்த மடிப்பில் ஏற்கெனவே எக்ஸிமா, சொறிந்துகொண்டே இருப்பான். சொறியும்போது பரு உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் துணுக்கு நகத்தில் ஒட்டி அடுத்த இடத்துக்குப் போகிறது, அப்படித்தான் ஒரே கோட்டில் வரிசையாக வந்திருந்தது. அதனால் முதல் வேலை எக்ஸிமாவை அடக்குவது, நகத்தை ஒட்ட வெட்டுவது. அப்புறம் தங்கையோடு ஒரே தொட்டியில் குளிப்பதையும் ஒரே துவாலையையும் நிறுத்தினோம். அதற்குள் அவளுக்கும் நான்கு வந்துவிட்டது. பாலர் பள்ளிக்கும் நீச்சலுக்கும் போகலாம், நீர் புகாத பிளாஸ்டரால் மூடினால் போதும் என்றார்.

சுரண்டி எடுக்கவோ உறைய வைக்கவோ முடியாதா என்று கெஞ்சினேன். முடியும், ஆனால் வலிக்கும், நம் மாதிரி மாநிறத் தோலில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தழும்பு நிற்கலாம், அதோடு எடுத்த பிறகும் புதிதாக வரலாம். தானாகப் போகிறதற்கு இத்தனை வலியை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அம்மா சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள். அது தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் அன்பாக மறுத்துவிட்டேன்.

பதினோராவது மாதம் ஒரு காலையில் பருக்கள் எல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. பயந்து போய் உடனே கூட்டிக்கொண்டு ஓடினேன், ஆன்டிபயாடிக் தருவார் என்று நினைத்தேன். டாக்டர் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சீழ் வடியவில்லை, சிவப்பு பருவைச் சுற்றி மட்டும்தான். "இப்போதுதான் உடம்பு சண்டை போட ஆரம்பித்திருக்கிறது, இது முடியப் போகிற அறிகுறி" என்றார். சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பி வரச் சொன்னார், கண்ணிமையில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாதாம்.

அடுத்த சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. 14 மாதம் ஆகும்போது ஒன்றும் இல்லை, இரண்டு இடத்தில் மட்டும் அவன் பிய்த்த சின்னக் குழி. தங்கைக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன, நேற்று அதில் ஒன்று சிவந்திருந்தது.