60 வயதில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? எங்கள் வீட்டுக் கணக்கு

எனக்கு 55 வயது. கப்பலூர் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 60-ல் ஓய்வு. அகவிலைப்படியோடு ஏறும் பென்ஷன் எனக்குக் கிடையாது, பி.எஃப். பென்ஷனாக மாதம் 5,000 ரூபாய் போல வரும். மற்றதெல்லாம் கையில் சேர்ந்த பணத்திலிருந்துதான். அந்தப் பணம் எவ்வளவு இருந்தால் 85 வயது வரை தாங்கும் என்று போன மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

முதல் வேலை, இப்போதைய செலவைச் சரியாகப் பிடிப்பது. மளிகை, பால், கேஸ், கரண்ட், மாத்திரை, பெட்ரோல் என்று மாதம் 27,000 ஆகிறது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மாதக் கணக்கில் வராத செலவுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 42,000, தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோவில் எல்லாம் சேர்த்து 15,000, வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ரிப்பேர் 15,000. அப்புறம் மொய். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி மொய் நோட்டை எடுத்துவந்து, நாங்கள் இன்னும் திருப்பிச் செய்ய வேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வருடத்துக்கு 24,000 என்று போட்டோம். ஆக மொத்தம் வருடச் செலவு 4,20,000, மாதத்துக்கு 35,000.

விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறும் என்று வைத்தால், ஐந்து வருடம் கழித்து அதே வாழ்க்கைக்கு வருடம் 5,62,000 வேண்டும். இதைக் கேட்டதும் என் மச்சான் வாயாலேயே கணக்கை முடித்துவிட்டார். "மாப்ள, 80 லட்சத்த பேங்க்ல 7 வட்டிக்குப் போடு. வருசத்துக்கு 5,60,000 வந்துரும். அசல் அப்படியே பிள்ளைகளுக்கு."

முதல் வருடத்துக்கு அவர் சொன்னது சரி. இரண்டாம் வருடம் செலவு 5,96,000 ஆகிவிடும், வட்டி அதே இடத்தில் நிற்கும். பற்றாததை அசலிலிருந்து எடுப்போம், மறு வருடம் வட்டி இன்னும் குறையும். அவர் கணக்கை வருடம் வருடமாக எக்ஸெல்லில் ஓட்டினால் 75 வயது தாண்டியதும் பணம் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அசலும் இல்லை, நமக்குச் சோறும் இல்லை.

சரியான கணக்கில் வட்டியும் விலைவாசியும் சேர்ந்தே ஓட வேண்டும். வரி போக 7 சதவீதம் கிடைக்கும், செலவு 6 சதவீதம் ஏறும், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் அந்த வருடச் செலவை எடுத்துவிடுவோம், 25 வருடம் முடியும்போது கையிருப்பு பூஜ்யம். எக்ஸெல்லில் இது ஒரே வரி:

```
=PV(1.07/1.06-1, 25, -562055, 0, 1)
```

கடைசியில் இருக்கும் 1, பணத்தை வருடத் தொடக்கத்தில் எடுக்கிறோம் என்பதற்கு. அதை விட்டுவிட்டால் விடை கொஞ்சம் குறைவாக வரும். எனக்கு வந்த விடை 1 கோடியே 25 லட்சத்து 83 ஆயிரம்.

சூத்திரத்தை நம்பாதவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வட்டியும் விலைவாசியும் சமமாக இருந்தால், தேவையான தொகை முதல் வருடச் செலவை 25-ஆல் பெருக்கினால் வருவது. அதாவது 1 கோடியே 40 லட்சம். நமக்கு வட்டி 1 சதவீதம் கூட வருவதால் அதைவிடக் குறைந்திருக்கிறது. அந்த ஒரு சதவீதத்துக்குள் 15 லட்சம் ஒளிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வரிக்கு முந்தைய வட்டியைப் போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அதே கணக்கை வருடவாரியாக விரித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பணம் உடனே குறைய ஆரம்பிப்பதில்லை. 60 வயதில் 1 கோடியே 26 லட்சமாக இருப்பது ஏறிக்கொண்டே போய், 69 வயதில் 1 கோடியே 42 லட்சத்தைத் தொடுகிறது. அதற்குப் பிறகுதான் இறக்கம், அதுவும் வேகமாக. 84 வயதில் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 22,75,000 எடுக்க வேண்டியிருக்கும். ஆபத்தான வயது 69தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாஸ்புக்கில் போட்டதைவிடக் கூட நிற்கும். மகன் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கேட்பான், 'சும்மாதானே கிடக்கிறது' என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கூடுதல் அத்தனையும் 75-க்கு மேல் சாப்பிட வேண்டிய பணம். அதனால் ஒவ்வொரு வயதிலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற பட்டியலை அச்செடுத்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

மருத்துவப் பிரீமியம் 6 சதவீதத்துக்கு அடங்காது. அதை மட்டும் தனியே 10 சதவீதத்தில் ஓட்டினேன். 11 லட்சத்துக்கு மேல் கூடியது.

இனி பென்ஷன். மாதம் 5,000 வருகிறதே, செலவில் 5,000-ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் தேவை 13 லட்சத்துக்கு மேல் குறைந்ததாகக் காட்டும். அது பொய். செலவு ஏறும், பி.எஃப். பென்ஷன் ஏறாது. 84 வயதிலும் அதே 5,000தான். ஏறாத வரவை விலைவாசியோடு சேர்க்காமல், வெறும் 7 சதவீதத்தில் தனியாக மதிப்பிட வேண்டும். அப்போது அதன் மதிப்பு ஏழரை லட்சம்தான்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் வேண்டியது 1 கோடியே 30 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி, டெபாசிட் எல்லாம் சேர்ந்து 60 வயதில் 1 கோடியே 8 லட்சம் வரும் என்று மதிப்பிட்டேன். 22 லட்சம் துண்டு விழுகிறது.

மாதம் எவ்வளவு கூடுதலாகச் சேமிக்க வேண்டும் என்று பார்த்தேன். 8 சதவீதம் கிடைத்தாலும் கிட்டத்தட்ட 30,000. நடக்கிற காரியமில்லை. மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, மாடிய வாடகைக்கு விட்டா?" எங்கள் வட்டாரத்தில் அந்த அளவு போர்ஷனுக்கு இன்று 6,500 கிடைக்கும். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து 11 மாதத்துக்கு மட்டும் போட்டேன். வாடகை விலைவாசியோடு ஏறும் வரவு, ஆகவே இதைச் செலவிலிருந்து நேராகவே கழிக்கலாம். வந்த மதிப்பு 21 லட்சத்துக்கு மேல். பென்ஷனைவிட மாதம் 1,500தான் கூட, மதிப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு.

வாடகையை உண்மையிலேயே வருடா வருடம் 6 சதவீதம் ஏற்றினால்தான் இந்த 21 லட்சம். நல்ல குடும்பம் என்று மூன்று வருடம் ஏற்றாமல் விட்டால் கணக்கு அந்த அளவுக்கு ஓட்டையாகிவிடும். அதனால் 11 மாத ஒப்பந்தத்திலேயே ஏற்றத்தை எழுதிவிடுவது என்று முடிவு. இப்போதைக்கு மாடிக்கு வெளிப்பக்கமாகப் படியும் தனி மீட்டரும் வைக்கக் கொத்தனாரிடம் விலை கேட்டிருக்கிறோம். அந்தச் செலவு இந்த வருட போனஸில் அடங்க வேண்டும்.